மாதவரம் குடோன் குத்தகை: 1.4.2025 பதிவும் 31.3.2026 பதிவும்

கோப்புக் குறிப்பு. ஆடிட்டர் சார் பார்வைக்கும், வவுச்சர் போடும் நம் பிள்ளைகளுக்கும்.

மாதவரம் 200 அடி சாலைக் குடோனை 1.4.2025 முதல் நான்கு வருடத்துக்குப் பதிவுசெய்த ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறோம். வாடகை வருடத்துக்கு ரூ.12,00,000, ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, ரூ.1,00,000. வட்டியில்லா அட்வான்ஸ் ரூ.6,00,000, காலி செய்யும்போது திரும்ப வரும். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுப்பதால் அது இந்தக் கணக்கில் சேராது. டிடிஎஸ் பதிவு தனி வவுச்சரில் இருக்கிறது.

நாம் இண்ட் ஏஎஸ் 116-க்கு உட்பட்டவர்கள். அதனால் வாடகையை அப்படியே செலவில் எழுத முடியாது. மேலும் மூன்று வருடம் நீட்டிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டு. ஆனால் மீஞ்சூரில் சொந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நீட்டிப்போம் என்று நியாயமான உறுதியோடு சொல்ல இப்போது ஆதாரமில்லை. ஆகவே குத்தகைக் காலம் நான்கு வருடம்தான். மீஞ்சூர் வேலை இழுத்துக்கொண்டு போனால் இதைத் திரும்பப் பார்க்க வேண்டி வரும்.

குத்தகைக்குள் அடங்கிய வட்டி வீதம் வீட்டுக்காரருக்கே தெரியாது! ஆகவே இதே காலத்துக்கு, இதே மாதிரி ஈட்டோடு நாம் கடன் வாங்கினால் ஆகும் வீதமான 10%-ஐ எடுத்தோம்.

முதல் தவணையை அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. அது பொறுப்பில் வராது, நேரே சொத்தில் சேரும். பலரும் இங்கேதான் நான்கு தவணையையும் பொறுப்பில் போட்டுவிடுவார்கள். மீதி மூன்றின் இன்றைய மதிப்பு:

```
=PV(10%,3,-1200000)
```

விடை 29,84,222. இதுதான் குத்தகைப் பொறுப்பு.

அட்வான்ஸ் ஆறு லட்சம் என்றாலும், நான்கு வருடம் கழித்து வரும் பணத்துக்கு இன்றைக்கு ஆறு லட்சம் மதிப்பில்லை. வீட்டுக்காரர் தரப்பு ஆபத்துக்கு ஏற்ற 8%-இல் இன்றைய மதிப்பு 4,41,018. மீதி 1,58,982, வேறு பெயரில் நாம் கொடுக்கும் வாடகைதான். அதுவும் சொத்தில் சேரும்.

சொத்தின் ஆரம்ப மதிப்பு: 29,84,222 + 12,00,000 + 1,00,000 + 1,58,982 = 44,43,204.

1.4.2025 பதிவு:

```
பயன்பாட்டு உரிமைச் சொத்து    பற்று  44,43,204
குடோன் அட்வான்ஸ்             பற்று   4,41,018
   குத்தகைப் பொறுப்பு         வரவு   29,84,222
   வங்கி                     வரவு   19,00,000
```

இரண்டு பக்கமும் 48,84,222. சரி.

வருடம் முடிந்து 31.3.2026. அன்றைய பதிவுகள் மூன்று. இடையில் தவணை ஏதும் போகாததால் பொறுப்பில் ஒரு வருட வட்டி அப்படியே ஏறுகிறது.

```
வட்டிச் செலவு                பற்று   2,98,422
   குத்தகைப் பொறுப்பு         வரவு    2,98,422

தேய்மானம் (44,43,204 ÷ 4)    பற்று  11,10,801
   திரண்ட தேய்மானம்          வரவு   11,10,801

குடோன் அட்வான்ஸ் (8%)        பற்று     35,281
   வட்டி வருமானம்            வரவு      35,281
```

இருப்புநிலைக் குறிப்பில் சொத்து 33,32,403, அட்வான்ஸ் 4,76,299, பொறுப்பு 32,82,644. பொறுப்பில் நடப்புப் பகுதி 12,00,000 (1.4.2026-இல் போக வேண்டிய தவணை), நீண்டகாலம் 20,82,644. அடுத்த தவணை 1.4.2027, ஒரே ஒரு நாளால் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டிவிடுகிறது.

லாப நட்டக் கணக்கில் நிகரச் செலவு 13,73,942. "வாடகை 12 லட்சம்தானே, ஏன் இவ்வளவு?" என்று முதலாளி கேட்பார், நியாயமான கேள்விதான். வட்டி முன் வருடங்களில் அதிகம், போகப் போகக் குறையும். நான்கு வருடத்தையும் கூட்டினால் நிகரச் செலவு 49,00,000, அதாவது 48 லட்சம் வாடகையும் 1 லட்சம் புரோக்கர் கூலியும். ஒரு ரூபாய் கூடாது. வருமான வரியில் வாடகையும் புரோக்கர் கூலியுமே பார்க்கப்படும், இந்தத் தேய்மானம் அல்ல. இந்த வித்தியாசத்துக்கான ஒத்திவைத்த வரியை வரி வேலைத்தாளில் தனியாகப் போட வேண்டும்.

கடைசியாக வங்கி வேலை பார்ப்பவர்களுக்கு: ஏப்ரல் 1 விடுமுறையாக இருக்குமே என்று மார்ச் 31 சாயங்காலமே தவணையை அனுப்பினால் பொறுப்பு 20,82,644 ஆகிவிடும், நடப்புப் பகுதியே இருக்காது. அனுப்பும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.