பிடி அரிசி

மூன்று பேருக்கு இராத்திரிச் சோற்றுக்கு எத்தனை அரிசி போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியில் சொன்னால் தென்காசியே சிரிக்கும். பத்தொன்பது வருடமாக ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போடுகிறவன் நான். சாக்குக்குள் கையை விட்டு ஒரு குத்து அள்ளினால் எத்தனை கிராம் என்று தராசைப் பார்க்காமலே சொல்வேன். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் தராசுக் கணக்கு வேறு, உலைக் கணக்கு வேறு.

வடிவு காலையில்தான் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். அவள் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை; இரண்டு இரவு உடன் இருக்க வேண்டும். காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளியோதரை எல்லாம் செய்து மூடிவைத்தவள், "இராத்திரிக்குக் கடையில் பரோட்டா வாங்கிக்கொள்ளுங்கள்" என்றாள். சொன்னபோது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. அதுதான் என்னைச் சுட்டது.

"ஏன், ஒரு ரசமும் சோறும் வைக்க எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயை என்ன சொல்ல.

செல்வி டியூஷன் முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவாள். நாலாம் வகுப்புப் படிக்கிற இசக்கி வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுகிற பாவனையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்களை அலமாரியில் ஒரே மாதிரி பதினோரு புட்டிகள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒரு பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை, மல்லியும் இல்லை.

"அது கோலப்பொடி அப்பா" என்றான் இசக்கி.

அரிசிப் பானைக்குள் பித்தளை உழக்கு கிடந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல். எங்கள் அம்மா காலத்து உழக்கு. "அம்மா எத்தனை போடுவாள்?" என்று கேட்டேன். "இரண்டு. ஆனால் தலை வழிக்க மாட்டாள், குவித்துப் போடுவாள்." நான் கடையில் தராசு முள்ளுக்கு மேல் ஒரு மணி போகவிடாதவன். குவித்துப் போட்டேன். சுளகில் கொட்டிப் புடைக்கத் தெரியாமல் பாதியைத் தரையில் இறைத்தேன். பொறுக்கி எடுத்துக் கழுவப் போகும்போது, "அப்பா, பிடி எடுக்கவில்லையே" என்றான்.

"என்ன பிடி?"

எழுந்து வந்து மேல்தட்டைக் காட்டினான். உப்புப் பானைக்குப் பின்னால் ஒரு மண் கலயம். "உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அதில் போடுவாள். தினமும்." எங்கள் அம்மாவும் அப்படி எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுத்த ஞாபகம் வந்தது. சரி, சாமி காரியம் என்று நானும் ஒரு பிடி போட்டேன். ஐம்பது கிராம் இருக்கும்.

சோறு பொங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. வடிப்பதுதான் வித்தை. குக்கர் வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியும், ரேஷன் புழுங்கலை வடித்துத்தான் தின்ன வேண்டும் என்பது வடிவின் கட்சி. பருக்கையை எடுத்து நசுக்கினேன். நடுவில் வெள்ளைப் புள்ளி. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று ரசத்தின் பக்கம் திரும்பினேன். புளியைக் கரைத்து, தக்காளியைப் பிசைந்து, மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் அம்மியில் நசுக்கிப் போட்டேன். ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிட வேண்டும் என்பது சாப்பிடுகிறவனுக்கும் தெரிந்த விஷயம்தான். நுரைக்காகக் காத்து நின்றேன். இந்தப் பக்கம் நுரை வந்தது, அந்தப் பக்கம் தீய்ந்த வாடையும் வந்தது.

அவசரத்தில் பானையைத் தூக்கி, வடிதட்டை வைத்து அழுத்தி, கழுநீர்ச் சட்டிக்கு மேல் சாய்த்தேன். முதலில் கஞ்சி நூலாக இறங்கியது. நமக்கும் கை வருகிறதே என்று நினைத்த நொடியில் துணி வழுக்கிற்று. ஆவி மணிக்கட்டில் அடித்தது, தட்டு விலகியது, நாலு கரண்டிச் சோறு சட்டிக்குள் விழுந்தது. பானையை மட்டும் விடவில்லை. இசக்கி ஓடிவந்து என் கையில் ஊதினான். அந்தச் சிவப்புத் தழும்பு மாதிரி ஒன்று வடிவின் கையிலும் உண்டு. பழையது, கறுத்துப்போனது. வளையல் தடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் புறவாசலில் குரல் கேட்டது. "வடிவு... ஏ வடிவு..."

கதவைத் திறந்தேன். வள்ளியாச்சி. என்னைக் கண்டதும் கையிலிருந்த துணிப்பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அவள் இல்லையா ஐயா? சும்மாதான் வந்தேன்" என்று சொல்லித் திரும்பினாள்.

ஆச்சியை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருடம் பீடி சுற்றிய விரல்கள். ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை. கடையில் இயந்திரத்தில் பெருவிரல் வைப்பாள், அது சிவப்பு காட்டும். வேறு விரல் வைப்பாள், அதற்கும் சிவப்பு. பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுக்கும். போன மாதம் மூன்று தடவை நான்தான், "நாளைக்கு வாருங்கள் ஆச்சி" என்று அனுப்பினேன். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வழி உண்டு. அதற்கு நாலு பேரிடம் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அலுப்பு. மூன்றாம் தடவைக்குப் பிறகு அவள் வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய்; நினைக்கவே இல்லை.

"நில்லுங்கள் ஆச்சி."

மேல்தட்டிலிருந்து கலயத்தை இறக்கினேன். தூக்கியதுமே கைக்குத் தெரிந்தது: முந்நூறு கிராமுக்கு மேல், அரைக் கிலோவுக்குள். ஒரு வாரத்துப் பிடிகள். பையை விரிக்கச் சொல்லிக் கொட்டினேன். அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டிப் போட்டேன்.

ஆச்சி பையின் வாயைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "விரல் வைக்க வேண்டுமா ஐயா?" என்றாள்.

கேலியாகக் கேட்டாளா, நிசமாகவே கேட்டாளா என்று இந்த நிமிடம் வரை எனக்குப் பிடிபடவில்லை. "வேண்டாம் ஆச்சி" என்றேன். "புதன்கிழமை கடைக்கு வாருங்கள். காலையிலேயே வாருங்கள்." அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இருட்டில் சுவரைப் பிடித்தபடி நடந்து போனாள்.

செல்வி வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சோறு மேலே குழைந்தும் அடியில் தீய்ந்தும் இருந்தது. ரசத்தில் நான் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. செல்வி ஒன்றும் சொல்லாமல் மோர்ச் சட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். இசக்கி மட்டும், "அப்பளம் நன்றாக இருக்கிறது அப்பா" என்றான். அப்பளம் செல்வி பொரித்தது.

ஒன்பது மணிக்கு வடிவு போன் செய்தாள். அம்மாவுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, நாளைக்குக் காலையில் பிரிப்பார்கள் என்றாள். பிறகு, "சாப்பிட்டீர்களா? பரோட்டாவா?"

"சோறும் ரசமும்."

"பிடி எடுத்தீர்களா?"

"இசக்கி சொன்னான், எடுத்தேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

"ஆமாம். வந்தாள். கொடுத்துவிட்டேன்."

மறுபடியும் சத்தமில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். என்ன பதில் வரும் என்று எனக்கே தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

"சரி, படுங்கள்" என்றாள். "பானையில் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். கரண்டியை விட்டுச் சுரண்டிவிடாதீர்கள், ஓட்டை விழுந்துவிடும்."

அடிப்பிடித்தது என்று நான் சொல்லவே இல்லை.