2026 புத்தாண்டுச் சேர்க்கைச் சலுகை: ஜனவரி 13 இரவு 9 மணி வரை மட்டும்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்து மக்கள் அனைவருக்கும் எங்கள் ஜிம்மின் புத்தாண்டு வாழ்த்துகள். 2025 டிசம்பர் 22 திங்கட்கிழமை தொடங்கி 2026 ஜனவரி 13 செவ்வாய்க்கிழமை இரவு 9 மணி வரை சேருகிற அனைவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மூன்று மாதமோ அதற்கு மேலோ சேருபவர்களுக்கு 1,000 ரூபாய் சேர்க்கைக் கட்டணமும் முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. போகியன்று காலை கதவைத் திறக்கும்போது வழக்கமான கட்டணமே நடைமுறைக்கு வந்துவிடும். கடைசித் தேதியைத் தள்ளிவைத்து இன்னொரு அறிவிப்பு வெளியிடும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பதால், இந்தத் தேதியை உறுதியானதாகவே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கட்டண விவரம்:

ஒரு மாதம்: 1,200 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் 1,000 ரூபாய்க்குப் பதில் 500 ரூபாய். ஆக மொத்தம் 1,700 ரூபாய்.

மூன்று மாதம்: வழக்கமாக 3,300 ரூபாய், சலுகையில் 2,700 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் இல்லை.

ஆறு மாதம்: வழக்கமாக 6,000 ரூபாய், சலுகையில் 4,800 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் இல்லை.

ஓர் ஆண்டு: வழக்கமாக 10,800 ரூபாய்; சலுகையில் 8,400 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் இல்லை.

இந்தத் தொகைகள் எல்லாமே வரியையும் சேர்த்தவை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதன்படியே விலை போட்டிருக்கிறோம். பணம் கட்டும் மேசையில் இதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டோம்.

மாதக் கணக்கில் பார்த்தால் ஆண்டுச் சந்தாவே மலிவு. மாதத்துக்கு 700 ரூபாய்தான் ஆகிறது. ஆனாலும் இதுவரை ஜிம் பக்கமே வராதவர் நேராக ஆண்டுச் சந்தா எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. ஜனவரி முதல் வாரத்தில் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும் அளவுக்குக் கூட்டம் இருக்கும். மார்ச் மாதம் வருவதற்குள் அதில் பலருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். வராத நாட்களுக்கும் சேர்த்துப் பணம் வாங்கி வைத்துக்கொள்வது எங்களுக்கு உவப்பாக இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூன்று மாதச் சந்தாவே சரியான அளவு. முதல் சில வாரங்களில் எடை தூக்கும் திறன் கூடுவது பெரும்பாலும் நரம்பு மண்டலம் அந்த அசைவைப் பழகிக்கொள்வதால்தான். தசையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வர, ஒழுங்காக உண்டு, உறங்கி, பயிற்சி செய்பவருக்கே இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். ஒரு மாதத்தில் நின்றுவிடுபவர் அந்த மாற்றத்தைப் பார்க்காமலேயே போய்விடுகிறார். அதனால்தான் சேர்க்கைக் கட்டணத் தள்ளுபடியை ஆண்டுச் சந்தாவோடு நிறுத்தாமல் மூன்று மாதத்திலிருந்தே தொடங்கியிருக்கிறோம். தொண்ணூறு நாள் கழித்துத் தொடர்ந்து வருவீர்கள் என்று உங்களுக்கே நம்பிக்கை பிறந்தால், அப்போது எடுத்துக்கொள்ளுங்கள் ஆண்டுச் சந்தா.

சேர்க்கைக் கட்டணம் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதல் நாளில் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து அட்டையில் எழுதுவதற்கும், முதல் வாரத்தில் இரண்டு நாட்கள் மாஸ்டர் தனியாக உடன் நின்று ஸ்குவாட், டெட்லிஃப்ட், ரோயிங் ஆகியவற்றை வெறும் கம்பியோடு பழக்கிக் கொடுப்பதற்கும், நுழைவு அட்டைக்கும் சேர்த்து ஒருமுறை மட்டும் வாங்கும் தொகை அது. தள்ளுபடியில் சேருபவர்களுக்கும் இந்த மூன்றும் ஒன்றுகூடக் குறையாமல் கிடைக்கும். சந்தா முடிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் புதுப்பித்துவிட்டால் மறுபடியும் சேர்க்கைக் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் புதிய உறுப்பினராகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

சந்தா எந்த நாளில் முடிகிறது என்பதில்தான் எல்லா ஜிம்களிலும் வாக்குவாதம் வருகிறது என்பதால் அதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம். மூன்று மாதம் என்பது 90 நாட்கள், ஆறு மாதம் என்பது 180 நாட்கள், ஓர் ஆண்டு என்பது 365 நாட்கள். பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, நீங்கள் பயிற்சியைத் தொடங்குவதாக எழுதிக் கொடுக்கும் நாளிலிருந்தே கணக்கு ஓடும். ஜனவரி 5 திங்கட்கிழமை தொடங்கும் மூன்று மாதச் சந்தா, பொங்கல் விடுமுறைக்காகக் கூட்டிக் கொடுக்கும் இரண்டு நாட்களைச் சேர்க்காமல், ஏப்ரல் 4 சனிக்கிழமை இரவோடு முடியும். அந்தத் தேதி ரசீதிலும் நுழைவு அட்டையின் பின்புறத்திலும் எழுதப்பட்டிருக்கும்; எழுதாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் போன்றோர் ஜனவரி 13-க்குள் பணம் கட்டிவிட்டு, பிப்ரவரி 1-ஆம் தேதிக்குள் ஏதாவது ஒரு நாளில் தொடங்கலாம். பிப்ரவரி 1 வரை வராவிட்டால் அன்றிலிருந்து நாட்கள் தானாகவே கணக்கில் ஏறத் தொடங்கும்.

இடையில் நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. மூன்று மாதச் சந்தாவில் 10 நாட்களும், ஆறு மாதத்தில் 20 நாட்களும், ஆண்டுச் சந்தாவில் 45 நாட்களும் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். நிறுத்தும் நாளுக்கு முன்தினமே தெரிவித்தால் போதும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பத்து நாட்களையும் பயன்படுத்தினால் சந்தா ஏப்ரல் 14 அன்று முடியும். ஒரு மாதச் சந்தாவுக்கு இந்த வசதி இல்லை.

காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. தொடர்ந்து பல நாட்கள் கடலில் தங்கித் தொழில் செய்பவரிடம் ‘வரவில்லையே’ என்று நாட்களைக் கழிப்பது நியாயமாகாது. ஆறு மாதம், ஓர் ஆண்டு ஆகிய இரண்டு சந்தாக்களிலும் அவர்கள் கடலில் இருக்கும் நாட்களை 60 நாட்கள் வரை நிறுத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். கரை திரும்பிய பிறகு வந்து சொன்னாலும் ஏற்றுக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாளும் விடாமல் வந்து பயிற்சி செய்ய ஆறு மாதச் சந்தா அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ரமலான் மாதத்தில் நோன்பு இருக்கும் உறுப்பினர்களுக்காக இரவு 11.30 வரை ஜிம் திறந்திருக்கும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

வடசென்னைக்கு உடற்பயிற்சி புதிதல்ல. குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயரால் இன்றும் அறியப்படும் பகுதி இது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் டிரெட்மில் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே பழக்கத்தில் இருந்தவை. எங்கள் ஜிம்மின் வடக்கு மூலையில் நான்கு கர்லாக்கட்டைகளும், இரண்டு குத்துச்சண்டைப் பைகளும் இருக்கின்றன. பல ஆண்டுகளாகக் கைபட்டுக் கைபட்டு அந்தக் கட்டைகளின் பிடி வழவழப்பாகிவிட்டது. சுழற்றும் முறையை மாஸ்டரிடம் கற்றுக்கொள்ளாமல் யாரும் எடுக்கக் கூடாது என்பது ஒன்றே அங்குள்ள விதி. மற்றபடி டம்பெல்கள் 2.5 கிலோவிலிருந்து 40 கிலோ வரை, இரண்டு ஸ்குவாட் ரேக், கேபிள் இயந்திரம், மூன்று டிரெட்மில், இரண்டு சைக்கிள் ஆகியவை எல்லாச் சந்தாக்களுக்கும் பொது. டிரெட்மில் அறைக்கு மட்டும் ஏசி உண்டு. எடைப் பயிற்சிக் கூடத்தில் மின்விசிறிகளும் கடற்காற்று வரும் ஜன்னல்களும்தான். சித்திரை, வைகாசியில் புழுக்கமாகத்தான் இருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

தனிப் பயிற்சி வேண்டுவோர்க்கு மாதம் 12 வகுப்புகள், 3,000 ரூபாய். இது விருப்பத்தைப் பொறுத்தது. பொதுப் பயிற்சியில் இருப்பவர்களையும் மாஸ்டர்கள் கவனித்துத் திருத்துவார்கள். அது உங்கள் சந்தாவிலேயே அடங்கியது. புரோட்டீன் பவுடர் எதையும் நாங்கள் விற்பதில்லை, வாங்கச் சொல்வதும் இல்லை.

நேரம்: திங்கள் முதல் சனி வரை காலை 5 முதல் 10.30 வரை, மாலை 4 முதல் இரவு 10 வரை. காலை 10.30 முதல் பகல் 1 வரை பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் பயிற்சியாளரும் பெண்தான், ஆண்கள் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். காலையிலும் மாலையிலும் வர விரும்பும் பெண்களுக்கும் தடையில்லை. ஞாயிறு காலை 6 முதல் 11 வரை. மணலி, எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறி வேலை செய்பவர்கள் வாரத்துக்கு வாரம் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி மாணவ மாணவியர் அடையாள அட்டையைக் காட்டினால் மூன்று மாதச் சந்தா 2,400 ரூபாய். ஒரே வீட்டிலிருந்து இருவர் ஆறு மாதமோ ஆண்டோ சேர்ந்தால் இரண்டாமவருக்கு 300 ரூபாய் குறையும். ஒருவருக்கு ஒரு சலுகை மட்டுமே. ஆண்டுச் சந்தாவை இரண்டு தவணையாகவும் கட்டலாம்: சேரும்போது 4,400 ரூபாய், பிப்ரவரி 28-க்குள் 4,000 ரூபாய். இப்போதைய உறுப்பினர்களும் இதே கட்டணத்தில் நீட்டித்துக்கொள்ளலாம். புதிய நாட்கள் பழைய சந்தா முடிந்த மறுநாளிலிருந்து கணக்காகும், கையில் இருக்கும் ஒரு நாளும் வீணாகாது.

தொடங்கிய ஏழு நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால், வந்த நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் கழித்துக்கொண்டு மீதிச் சந்தாத் தொகையைத் திருப்பித் தருவோம். ஏழு நாட்களுக்குப் பிறகு பணம் திரும்பாது. ஆனால் மிச்சமுள்ள நாட்களைக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

16 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. 16 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு வாருங்கள். இதில் மட்டும் யாருக்கும் விலக்கு கேட்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

சேர வருபவர்கள் ஆதார் அட்டையின் நகல் ஒன்றும், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் இரண்டும், உள்ளே மட்டும் போடுவதற்குத் தனி ஷூவும், ஒரு துண்டும் கொண்டுவர வேண்டும். ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ கட்டலாம். எப்படிக் கட்டினாலும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடம் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடி. இருசக்கர வாகனங்களை மட்டுமே நிறுத்த முடியும். சேர்வதற்கு முன் ஒரு நாள் இலவசமாக வந்து பயிற்சி செய்து பார்க்கலாம். ஜனவரி 1 அன்று காலை மட்டும் திறந்திருக்கும். ஜனவரி 15, 16 ஆகிய பொங்கல் நாட்களில் விடுமுறை. அந்த இரண்டு நாட்கள் எல்லா உறுப்பினர்களின் சந்தாவிலும் கூட்டிக் கொடுக்கப்படும்.