ஊட்டச்சத்து மதிப்பீட்டுப் பதிவு: முடக்குவாதம், நீண்டகால ஸ்டீராய்டு

நோயாளி: 61 வயதுப் பெண். ஜூரோங் வெஸ்ட்டில் வீவக வீட்டில் மகளுடன் இருக்கிறார். முடக்குவாதம் 9 ஆண்டுகளாக. பிரெட்னிசொலோன் 4 ஆண்டுகளாக, இப்போது காலையில் 7.5 மி.கி. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும். ஞாயிறுதோறும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. தினமும் 500 மி.கி. கால்சியம் தரும் கார்பனேட் மாத்திரை ஒன்று.

அளவீடுகள்

எடை 66.4 கிலோ. ஸ்டீராய்டு தொடங்கும்போது 57 கிலோ, 9.4 கிலோ ஏறியிருக்கிறது. உயரம் 152 செ.மீ.; பழைய பதிவில் 155. இந்த 3 செ.மீ. குறைவு முதுகெலும்பு நசுங்கலால் இருக்கலாம், அதனால் முதுகு எக்ஸ்ரே எடுக்க மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம். பிஎம்ஐ 28.7, சிங்கப்பூர் வரம்பில் 27.5-க்கு மேல் அதிக ஆபத்துப் பிரிவு. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. கணுக்காலில் அழுத்தினால் குழி விழவில்லை, ஆகவே ஏறிய எடையில் நீர்க்கோர்வையின் பங்கு பெரிதல்ல.

கெண்டைக்கால் சுற்றளவு 31.5 செ.மீ. ஆசியப் பெண்களுக்கு 33-க்குக் கீழ் போனால் தசைக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும். வயிறு பெருத்து, கால் மெலிந்திருக்கிறது. எடைத்தராசு மட்டும் பார்த்தால் இது தெரியாது. கைப்பிடி வலிமை வலது 11, இடது 13 கிலோ (வரம்பு 18). விரல் மூட்டுகள் வீங்கிக் கோணியிருப்பதால் இந்த எண்ணில் வலியும் கலந்திருக்கிறது, தனியாக நம்ப முடியாது. எனவே கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழச் சொன்னோம்: 17.8 விநாடி. 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் செயல்திறன் குறைவு. நடை வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர், 1.0-க்குக் கீழ். கால் தசையும் தளர்ந்திருப்பது உறுதி.

டெக்ஸா எலும்பு அடர்த்தி டி-ஸ்கோர்: தொடை எலும்புக் கழுத்து −2.1, இடுப்பு முதுகெலும்பு −1.7. வைட்டமின் டி 16 நானோகிராம்/மிலி, குறைவு. எச்பிஏ1சி 6.3%, வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.6. காலை டோஸ் பிற்பகலில்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்று அளவைப் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது. மதிய உணவுக்கு 2 மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அல்புமின் 33; அழற்சியைக் காட்டும் சிஆர்பி உயர்ந்திருப்பதால் அல்புமினை ஊட்டக்குறைவின் அடையாளமாக எடுக்கவில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, புரதத்தைக் கூட்டத் தடையில்லை.

உணவு

காலையில் காயா தடவிய ரொட்டி இரண்டு, தே. மதியம் ஒன்றரைக் கிண்ணம் சோறு, நீர்த்த சாம்பார், உருளைக்கிழங்கு. மாலையில் தே, பிஸ்கட். இரவு கீழே கடையில் வாங்கிய பரோட்டா இரண்டு. பத்து மணிக்குப் பசி எடுத்து முறுக்கு. வாரம் ஒரு நாள் மீன். ஏறக்குறைய 1,900 கலோரி, புரதம் 41 கிராம், கால்சியம் 350 மி.கி. மட்டுமே. ஒரு நாளைக்கு மூன்று தே, மூன்றிலும் கெட்டிப்பால்.

சமையல் ஏன் குறைந்தது என்று கேட்டோம். “சட்டியைத் தூக்க கை வரல, பால் டப்பா மூடியைத் திருக முடியல” என்றார். மகள் வேலைக்குப் போன பிறகு கைக்கு எட்டுவது பிஸ்கட் டின்தான். பசி ஸ்டீராய்டால் வருகிறது. மாவுச்சத்துப் பக்கம் தள்ளுவது கைவலி. மனஉறுதி இல்லை என்று இவரைக் குறை சொல்வது தவறு.

இன்னொன்று உடனே திருத்த வேண்டியது: ஞாயிறு காலை அலென்ட்ரோனேட்டையும் கால்சியத்தையும் தேயோடு ஒன்றாக விழுங்குகிறார். கால்சியம் அதை உறிஞ்ச விடாது. எலும்பு மருந்து வீணாகிறது.

மதிப்பீடு

தசைக்குறைவோடு கூடிய உடற்பருமன்; ஸ்டீராய்டு, நீடித்த அழற்சி, போதாத புரதம், அசைவின்மை காரணம். கால்சியமும் வைட்டமின் டியும் குறைவு.

திட்டம்

ஞாயிறு எழுந்ததும் வெறும் தண்ணீர் ஒரு முழுக் கிளாஸோடு அலென்ட்ரோனேட். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் உண்ணக் கூடாது. கால்சியம் மாத்திரை எல்லா நாளும் மதிய உணவோடு. வைட்டமின் டி டோஸை மருத்துவர் கூட்டுவார்.

1,500 கலோரி, அதற்குக் கீழே இறங்கினால் தசையும் கரையும். புரதம் 70 கிராம், வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாமல். காலை: முட்டை 2, கொழுப்பு குறைந்த பால் 250 மிலி. மதியம்: உள்ளங்கையளவு மீன், கெட்டிப் பருப்பு அரைக் கிண்ணம், சோறு முக்கால் கிண்ணம், கீரை. மாலை: சர்க்கரையில்லாத தயிர். இரவு: சப்பாத்தி 2, தௌகுவா ஒரு துண்டு. தே வேண்டுமானால் தே சி கொசோங். ஊறுகாய், கருவாட்டைக் குறைக்க வேண்டும்: உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் போகும்.

மகள் இரவில் முட்டையை அவித்து, பாலைக் கைப்பிடியுள்ள கூஜாவில் ஊற்றி, தயிர்க் கிண்ணத்தின் மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். இது நடக்காவிட்டால் மேலுள்ள பட்டியல் தாளோடு நின்றுவிடும். பிடிமானமுள்ள மூடித் திறப்பானுக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் பரிந்துரைத்துள்ளோம்.

புரதம் மட்டும் தசையாகாது. பிசியோதெரபி வழிகாட்டலில் நாற்காலியில் எழுந்து உட்காருதல், 8 முறை வீதம் இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். மூட்டு சூடாக வீங்கிய நாளில் வேண்டாம்.

ஆறு வாரத்தில் மறுபார்வை. எடை 1 கிலோ குறைந்தும் நாற்காலி நேரம் கூடியிருந்தால் அதை முன்னேற்றமாகப் பதியக் கூடாது. கலோரியை ஏற்ற வேண்டும். பிரெட்னிசொலோனை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று தாய்க்கும் மகளுக்கும் சொல்லப்பட்டது.