எங்கள் பெயரில் போலிக் கணக்குகள்: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வணக்கம். இளம்பிள்ளையிலிருந்து சேலை வாங்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு.

நம் கடையின் படங்களையும் வீடியோக்களையும் அப்படியே எடுத்துப் போட்டு, நம் லோகோவையே முகப்புப் படமாக வைத்து, இன்ஸ்டாகிராமில் இப்போது மூன்று கணக்குகள் ஓடுகின்றன. மூன்றுமே அட்வான்ஸ் வாங்குகின்றன. சேலை அனுப்புவதில்லை. தீபாவளிக்கு ஆர்டர் குவியும் நேரம் என்பதால் இதை நீளமாகவே எழுதுகிறோம். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இந்த எச்சரிக்கையையும் அவர்கள் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போடுவார்கள். போலிக் கணக்குகள் வழக்கமாகச் செய்வதுதான் அது. எச்சரிக்கை போடுகிறவர் போலியாக இருக்க மாட்டார் என்று நாம் நம்பிவிடுகிறோம். அதனால் இந்தப் பதிவில் நாங்கள் போன் நம்பரோ, யுபிஐ ஐடியோ, கியூஆர் படமோ வேண்டுமென்றே போடவில்லை. இதே வாசகத்தை எங்காவது நம்பரோடு பார்த்தால் அது மாற்றப்பட்ட நகல். எங்கள் நம்பர் உங்களிடமே இருக்கிறது. முன்பு வாங்கிய சேலையோடு வந்த பில்லிலும் துணிப்பையிலும் அச்சிட்டிருக்கிறோம். புதிதாக வாங்குகிறவர்கள், ஏற்கெனவே வாங்கிய தெரிந்தவர்களிடம் பில்லைக் காட்டச் சொல்லி அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும். நம் பதிவின் கீழே "ப்ரைஸ் ப்ளீஸ்", "அவைலபிளா?" என்று நீங்கள் கமெண்ட் போடுகிறீர்கள். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். சில நிமிடங்களில் நம் லோகோவோடு ஒரு கணக்கிலிருந்து உங்களுக்கு மெசேஜ் வரும்: "அக்கா, நீங்க கேட்ட சாரி லாஸ்ட் பீஸ். ஆஃபர் 799 மட்டும். 400 அட்வான்ஸ் போட்டா ஹோல்ட் பண்றேன்." நாங்கள் 1,450 ரூபாய் என்று போட்ட அதே சாஃப்ட் சில்க், அதே படம். கேட்டது நீங்கள்தான், பதில் உடனே வந்திருக்கிறது, அதனால் சந்தேகம் எழுவதில்லை. நாங்கள் கமெண்டில் கேட்டதற்குக் கமெண்டிலேயே விலை சொல்லிவிடுகிறோம். நீங்கள் நம் கணக்குக்கு மெசேஜ் அனுப்பாத வரை நாங்களாக இன்பாக்ஸுக்கு வந்து விற்பதே இல்லை.

400 ரூபாயோடு முடிவதில்லை. பணம் போனதும் ஒரு பார்சல் படம் வரும், பிறகு "கூரியர் இன்சூரன்ஸ் 250, டெலிவரி ஆனதும் ரீஃபண்ட்" என்பார்கள், அடுத்து ஜிஎஸ்டி என்று ஒரு தொகை. முதலில் போட்ட பணம் வீணாகக் கூடாது என்று அடுத்ததும் போட்டுவிடுகிறோம். அவர்கள் அதையே எதிர்பார்க்கிறார்கள். நம் கடையில் பில் தொகைக்கு மேல் தனியாக எதுவும் கேட்பதில்லை. கூரியர் செலவும் ஜிஎஸ்டியும் பில்லுக்குள்ளேயே இருக்கும். ஸ்டாக்கில் உள்ள சேலைக்கு அட்வான்ஸ் என்ற பேச்சே கிடையாது, முழுத்தொகை மட்டும்தான். கல்யாணத்துக்கு ஒரே நிறத்தில் பத்து சேலைக்கு மேல் நெய்யச் சொல்கிறவர்களிடம் மட்டும் 30 சதவீதம் வாங்குகிறோம், அதுவும் பில் எண் கொடுத்த பிறகு.

இனி அடையாளம் காண்பது. படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓரத்தில் நாங்கள் போடும் வாட்டர்மார்க்கையும் வெட்டிவிடலாம். லோகோவும் அப்படித்தான். முகப்பில் தடித்த எழுத்தில் தெரியும் கடைப்பெயரையும் நம்பாதீர்கள், அந்தப் பெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள இன்ஸ்டாகிராம் அனுமதிக்கிறது. யூசர்நேம் மட்டும்தான் ஒருவருக்கு ஒன்று. அதை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் யூசர்நேமில் எண் இல்லை, புள்ளி இல்லை, ஒரே ஓர் அடிக்கோடு மட்டும் நடுவில். இப்போதுள்ள போலிகளில் ஒன்று கடைசியில் இன்னோர் அடிக்கோடு சேர்த்திருக்கிறது, ஒன்று official என்று ஒட்டியிருக்கிறது, மூன்றாவது ஓர் எழுத்தை இரட்டித்திருக்கிறது. வேகமாகப் பார்த்தால் மூன்றாவது எங்களுக்கே தெரியவில்லை.

அடுத்து, அந்தக் கணக்கின் பக்கத்துக்குப் போய் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு About this account பாருங்கள். கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்று பெரும்பாலும் அங்கே தெரியும். பெயர் மாற்றியிருந்தால் அதுவும் தெரியலாம். வருடக்கணக்காகப் பதிவு போடும் கடையின் கணக்கு போன மாதம் பிறந்திருக்க முடியாது. அங்கே எதுவும் காட்டவில்லை என்றால், மிகக் கீழே உள்ள பதிவைத் திறந்து தேதியைப் பாருங்கள். நூறு இருநூறு படங்களும் இரண்டே நாளில் ஏற்றப்பட்டிருக்கும். கமெண்ட் பெரும்பாலும் அடைத்திருப்பார்கள், ஏமாந்தவர்கள் அங்கே வந்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக. ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், அது காசுக்குக் கிடைக்கிறது.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் ஒரே ஒரு சோதனை போதும். "இந்தச் சேலையின் முந்தியைப் பிரித்து, பக்கத்தில் என் பெயரைத் தாளில் எழுதி வைத்து ஒரு வீடியோ அனுப்புங்கள்" என்று கேளுங்கள். சேலை கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. காலை 10 முதல் இரவு 8 வரை யார் கேட்டாலும் செய்து கொடுக்கிறோம், கூச்சப்படாமல் கேளுங்கள். திருடிய வீடியோ மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. "ஸ்டாக் குடோன்ல இருக்கு", "நம்பிக்கை இல்லன்னா விடுங்க அக்கா" என்றுதான் பதில் வரும். வெறும் வீடியோ மட்டும் கேட்காதீர்கள், எங்கள் பழைய வீடியோவையே அனுப்பிவிடுவார்கள். உங்கள் பெயர் எழுதிய தாள் இருப்பது முக்கியம்.

கடைசி வாசல் யுபிஐ திரை. பின் போடுவதற்கு முன் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அங்கே ஒரு நொடி நில்லுங்கள். எங்கள் வரவு கடைப்பெயரில் உள்ள நடப்புக் கணக்குக்கு மட்டுமே. தனி ஆள் பெயர் ஒருபோதும் வராது. "அது எங்க அக்கவுன்டன்ட் பெயர்", "ஓனரோட வைஃப் அக்கவுன்ட்" என்று யார் சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள். கியூஆர் படத்தின் மேல் கடைப்பெயர் அச்சடித்திருப்பதற்கு அர்த்தமில்லை, ஸ்கேன் செய்த பிறகு திரையில் வரும் பெயரே கணக்கு. இன்னொன்று: "ரீஃபண்ட் தர்றோம், பின் போடுங்க" என்றால் பணம் உங்களிடமிருந்துதான் போகப் போகிறது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ரீஃபண்டுக்காக AnyDesk போல உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும் ஆப்பைப் போடச் சொன்னாலும் உடனே போனை வையுங்கள்.

ஸ்பீட் போஸ்ட் ரசீது என்று ஒரு படம் அனுப்பினால் எண்ணைப் பாருங்கள். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN, மொத்தம் 13. இந்த அமைப்பில் இல்லாதது ரசீதே இல்லை. அமைப்பு சரியாக இருந்தாலும் இந்திய அஞ்சல் தளத்தில் போட்டுப் பாருங்கள்; வேறு ஊருக்குப் போன யாருடைய பார்சலின் எண்ணாகவும் இருக்கலாம்.

நம் ரீசெல்லர்களைப் பற்றி ஒரு வார்த்தை, அவர்கள்மேல் வீண் பழி வந்துவிடக் கூடாது. எங்கள் படங்களை எங்கள் சம்மதத்தோடு போட்டு விற்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில், தங்கள் விலையில் விற்கிறார்கள். அது நேர்மையான வியாபாரம். நம் பெயரையும் லோகோவையும் போட்டுக்கொண்டு "நாங்கள்தான் அந்தக் கடை" என்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? வெட்கப்பட வேண்டாம், வீட்டில் சொல்லத் தயங்கி நேரத்தையும் கடத்த வேண்டாம். இங்கே நேரம்தான் எல்லாம். அவர்களைத் திட்டி மெசேஜ் போடுவதற்கு முன்பு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: முழு உரையாடல், கணக்கின் முகப்பு, பணம் போன திரை. இன்ஸ்டாகிராமில் அனுப்பியவர் மெசேஜை அழித்தால் உங்கள் பக்கத்திலும் மறைந்துவிடும். சந்தேகம் வந்ததுமே அழித்துவிட்டு பிளாக் செய்வார்கள். கணக்கின் லிங்கையும் காப்பி செய்துகொள்ளுங்கள். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுடிஆர் எண்ணும் பணம் வாங்கியவரின் யுபிஐ ஐடியும் இருக்கும், இரண்டையும் எழுதி வையுங்கள்.

உடனே 1930க்கு அழையுங்கள். இது சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் இன்னும் அந்தக் கணக்கில் கிடந்தால் வங்கி மூலம் அதை நிறுத்திவைக்க முடியும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டாலோ, நான்கைந்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டாலோ மீட்பது கடினம், அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் cybercrime.gov.in தளத்தில் நேரடியாகப் பதியுங்கள். கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். 400 ரூபாய்தானே என்று விடுபவர்கள் அதிகம், அந்தத் தயக்கத்தில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. ஒரே யுபிஐ ஐடிமேல் இருபது புகார் சேர்ந்தால் அந்தக் கணக்கை முடக்குவது எளிதாகிறது. மின்னணு வழியில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66டி-யின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அதன்பின் "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ப்ராசஸிங் ஃபீ மட்டும்" என்று யாராவது வந்தால் அதுவும் அதே கூட்டம்தான். 1930க்கோ அரசுத் தளத்துக்கோ கட்டணம் எதுவும் கிடையாது.

உங்களிடம் ஓர் உதவி. இந்தக் கணக்குகள் எங்களை பிளாக் செய்துவிடுகின்றன, தேடினாலும் எங்கள் போனில் தெரியாது. உங்கள் கண்ணில்தான் படும். பார்த்தால் லிங்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நமக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்தில் மூன்று புள்ளி, Report, Report account, It's pretending to be someone else என்று போங்கள். யாரைப் போல என்று கேட்டால் நம் யூசர்நேமைத் தேடிக் கொடுங்கள். ஆப்பின் பதிப்பைப் பொறுத்து வாசகம் கொஞ்சம் மாறும். Spam என்று மட்டும் அழுத்தினால் ஆள்மாறாட்டம் என்ற விஷயம் போய்ச் சேராது. ஒரு கணக்கு போனால் இன்னொன்று முளைக்கிறது, அதனால் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

நாங்கள் சேலம் மாவட்ட சைபர் கிரைம் பிரிவில் மனு கொடுத்திருக்கிறோம். ஏமாந்தவர்கள் தங்கள் 1930 புகார் எண்ணை நம் இன்பாக்ஸுக்கு அனுப்பினால் மனுவோடு சேர்த்துக் கொடுப்போம். உங்கள் வங்கி விவரமோ ஓடிபியோ எங்களுக்கு வேண்டாம், யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகமாக ஏதாவது வந்தால், பணம் போடும் முன் பில்லில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். கடை ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருக்கும்.