அத்தைக்கு போன் பணப் பயிற்சி

அத்தை, ஞாயிற்றுக்கிழமை இட்லி வியாபாரம் முடிந்ததும் மூர்த்தியோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். ஏமாற்றுக்காரனாக அவன் நடிக்கட்டும். நீங்கள் அவசரப்பட வேண்டாம், அவன்தான் அவசரப்படுத்துவான்.

முதலில் பணம் அனுப்புவது. போனில் KBZPay ஆப்பைத் திறந்து Transfer-ஐ அழுத்தி, மூர்த்தியின் எண்ணைப் போட்டு 500 கியாட் அனுப்புங்கள். உங்கள் ரகசிய பின் நம்பரை அழுத்துமுன் திரையில் வரும் பெயரைச் சத்தமாகப் படியுங்கள். பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நடுவில் கரண்டோ நெட்டோ போய்விட்டால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். நெட் வந்ததும் History-யைப் பாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருக்கலாம்.

அடுத்தது கடையில் நடப்பது. இதை மூன்று தடவையாவது செய்யுங்கள், உங்களுக்கு அதிகம் வரப்போவது இதுதான். மூர்த்தி நாற்பது இட்லி வாங்கிவிட்டு, பணம் போனதாகத் தன் போனில் ஒரு படத்தை நீட்டுவான். "ஆட்டோ நிற்கிறது, சீக்கிரம்" என்பான். அந்தப் படத்தைப் பார்க்கவே வேண்டாம், அதை யாரும் தயார் செய்துவிடலாம். உங்கள் போனை எடுத்து, உங்கள் History-யில் தொகை வந்திருக்கிறதா பாருங்கள். "கொஞ்சம் இரு தம்பி, என் போனில் ஏறட்டும்" என்று சொல்லுங்கள். வாயில் பழகிவிட்டால் கூச்சம் வராது. பொட்டலத்தை அதுவரை கையிலேயே வைத்திருங்கள்.

இப்போது மூர்த்தி பக்கத்து அறையிலிருந்து கூப்பிடட்டும்.

"பேங்கிலிருந்து பேசுகிறேன் அம்மா. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. போனில் வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்."

"சொல்ல மாட்டேன்." வைத்துவிடுங்கள். காரணம் கேட்டாலும் விளக்க வேண்டாம், பேச்சு நீண்டால் அவனுக்குத்தான் லாபம். அந்த எண் உங்கள் கணக்கின் சாவி. அப்புறம், பணம் வாங்க உங்கள் பின் நம்பர் தேவையே இல்லை. "பரிசு வர பின் நம்பரைப் போடுங்கள்" என்றாலே அது உங்கள் பணத்தை எடுக்கும் வழி.

கடைசியாக வைபர். என் படத்தோடு, "அத்தை, புது நம்பர். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், இரண்டு லட்சம் அனுப்புங்கள்" என்று வரும். மனசு பதறும், தெரியும். என் பழைய எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நான் எடுக்காவிட்டால் அம்மாவைக் கூப்பிடுங்கள். போனில் பேசி, தாத்தா நம்மை எந்தச் செல்லப் பெயரால் கூப்பிடுவார் என்று கேளுங்கள். வைபரில் எழுதிக் கேட்காதீர்கள்.

தவறிப்போய் அந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டால் உடனே பின்னை மாற்றுங்கள், ஆப்பிலேயே இருக்கும் உதவி எண்ணுக்குப் பேசி கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி. திட்ட மாட்டேன் அத்தை. மறைத்து வைப்பதுதான் எனக்குப் பயம்.