பொருள்: தீபாவளி 2026 ஊழியர் பரிசுப் பெட்டிகள் – செப்டம்பர் 18-க்குள் மாதிரி பார்த்து முடிவு செய்ய

அலுவலக நிர்வாகப் பிரிவினருக்கு வணக்கம்.

இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்டிலேயே தீபாவளிக் கடிதமா என்று தோன்றும். ஆனால் காலண்டரைப் பார்த்தால் விஷயம் வேறு. ஞாயிறு தீபாவளி என்றால் வெளியூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை மதியமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், பாதிப் பேர் வியாழக்கிழமை இரவே. ஆகவே பரிசு கையில் சேரவேண்டிய உண்மையான நாள் நவம்பர் 4 அல்லது 5. உங்கள் அலுவலகத்துக்குள் பெட்டிகள் வந்து இறங்கவேண்டிய நாள் அதற்கும் முந்தையது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இதை இப்போது எழுதுகிறோம்.

நாங்கள் காரைக்குடியில் பனை ஓலைக் கொட்டானில் பரிசுப் பெட்டி தயாரிக்கும் சின்ன நிறுவனம். செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணத்துக்கும் சீருக்கும் பயன்பட்ட அதே கொட்டான்தான். 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதற்குள் நம் ஊர்த் தின்பண்டங்களை வைத்து, மூடி, பட்டி சுற்றித் தருகிறோம். பெட்டியைத் திறந்து தின்று முடித்த பிறகும் கொட்டான் வீட்டில் இருக்கும். மாத்திரை போட்டு வைக்க, பூ வைக்க, சாவி போட என்று எதற்காவது உதவும்.

இந்த வருடம் மூன்று விதப் பெட்டிகள். விலைகள் வரி சேர்க்காதவை.

முதலாவது சிறிய கொட்டான், 390 ரூபாய். கோவில்பட்டி கடலை மிட்டாய் 200 கிராம், வறுத்த உப்பு முந்திரி 100 கிராம். எண்ணிக்கை அதிகமாக உள்ள அலுவலகங்களுக்கு இதுதான் சரிப்படும்.

இரண்டாவது நடுத்தரக் கொட்டான், 640 ரூபாய். பண்ருட்டி முந்திரி 200 கிராம், கடலை மிட்டாய் 200 கிராம், மணப்பாறை முறுக்கு 150 கிராம், உடன்குடி கருப்பட்டி 250 கிராம். எங்களைக் கேட்டால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒன்றாவது பிடிக்கும். கருப்பட்டி அம்மாக்களுக்கு, முறுக்கு பிள்ளைகளுக்கு, முந்திரிக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை.

மூன்றாவது மூடி போட்ட பெரிய கொட்டான், 980 ரூபாய். இரண்டாவதில் உள்ளவற்றோடு முந்திரி 100 கிராம் கூடுதல், பாதாம் 200 கிராம். வாடிக்கையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் கொடுப்பதற்கு.

இனிப்பு வேண்டாதவர்களுக்காக எந்த அளவிலும் கடலை மிட்டாயையும் கருப்பட்டியையும் எடுத்துவிட்டு முந்திரி, பாதாம், முறுக்கு வைத்துத் தருவோம். பெட்டியின் பட்டி பச்சை நிறத்தில் இருக்கும், கொடுக்கும்போது குழப்பம் வராது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு கருப்பட்டி நல்லது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படிச் சொல்வதில்லை, அதுவும் சர்க்கரைதான்.

பால்கோவா, நெய் இனிப்பு கேட்பவர்கள் உண்டு. அவற்றை நாங்கள் வைப்பதில்லை. உங்கள் அலுவலகத்தில் மூன்று நாள், ஊழியரின் பையில் ஒரு பேருந்துப் பயணம் என்று கடந்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவை நன்றாக இருக்காது. எங்கள் பெட்டியில் உள்ள எல்லாமே காற்றுப் புகாமல் அடைத்தவை. ஒவ்வொரு பொட்டலத்திலும் தயாரித்த தேதி, பயன்படுத்தவேண்டிய கடைசித் தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவக் குறி எல்லாம் அச்சாகியிருக்கும்.

இனி, ஏன் முன்கூட்டியே கேட்கிறோம் என்பது. கொட்டானுக்குப் பனங்குருத்தோலையைக் கிழித்து, சாயத்தில் வேகவைத்து, காயவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பின்பாதியில் பிடித்துக்கொண்டால் ஓலை காயாது. ஈரத்தோடு முடைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் எங்கள் முடைச்சல் வேலை முழுவதும் ஆயுத பூஜைக்குள், அதாவது அக்டோபர் 19-க்குள் முடிந்தாக வேண்டும். கையால் முடைவது, பெரிய கொட்டான் என்றால் ஒருவர் ஒரு நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் முடைய முடியாது. அக்டோபர் கடைசியில் ஒருவர் போன் செய்து 300 வேண்டும் என்றால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் எங்களால் முடியாது. இந்தத் தீபாவளிக்கு மொத்தம் 2,500 பெட்டிகள்தான் எடுக்கிறோம்.

கருப்பட்டியும் அப்படித்தான். பதநீர் இறங்கும் காலத்திலேயே வாங்கிச் சேர்த்து வைத்துவிட்டோம். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுத்து வியர்க்கும். அதனால் ஓலைச் சுருளில் சுற்றி, அதன்மேல் உறை போட்டு அடைக்கிறோம். கையில் எடுத்தால் பிசுபிசுக்காது. மாதிரிப் பெட்டியில் உடைத்துப் பாருங்கள், சர்க்கரை கலக்காத கருப்பட்டியின் நிறமும் கரகரப்பும் தெரியும்.

வரி விஷயம் ஒன்று. கணக்குப் பிரிவு எப்படியும் கேட்கும், ஆகவே முன்பே சொல்லிவிடுகிறோம். பல பொருட்களை ஒரே விலைக்கு ஒரு பெட்டியாக விற்கும்போது, அதில் எந்தப் பொருளுக்கு ஜிஎஸ்டி அதிகமோ அந்த விகிதம் முழுப் பெட்டிக்கும் வரும். முந்திரிப் பெட்டிக்குள் ஒரு பவர் பேங்கை வைத்தால் முந்திரிக்கும் சேர்த்து 18 சதவீதம். எங்கள் பெட்டிகளில் உள்ளவை எல்லாம் 5 சதவீதத்தில் வருபவை, அப்படிப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறோம். 640 ரூபாய்ப் பெட்டி 200 எடுத்தால் 1,28,000 ரூபாய். 5 சதவீத வரி 6,400. இதுவே 18 சதவீதமாக இருந்தால் 23,040. பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடைக்காது என்பதால் அந்த 16,640 ரூபாய் வித்தியாசம் நேராக உங்கள் பட்ஜெட்டில்தான் விழும். கப்போ பேனாவோ சேர்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், தனி விலையில் தனி வரியாக பில் போட்டுத் தருகிறோம்.

எண்ணிக்கை பற்றி ஒரு யோசனை. மனிதவளப் பிரிவின் பட்டியலை மட்டும் வைத்து ஆர்டர் கொடுக்காதீர்கள். காவலாளிகள், துப்புரவு செய்பவர்கள், கேண்டீன்காரர்கள், கேப் ஓட்டுநர்கள் எல்லாம் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருப்பார்கள். உங்கள் பட்டியலில் வரமாட்டார்கள். கொடுக்கும் நாளில் அவர்கள்தான் பெட்டிகளை லிஃப்டில் ஏற்றி அடுக்குவார்கள், அவர்களுக்கு மட்டும் இல்லை என்றால் சங்கடப்பட்டு நிற்பது நீங்கள்தான். அக்டோபரில் சேரப்போகும் புதியவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கைவசம் ஒரு பத்து பெட்டி கூடுதலாக இருக்கட்டும். கடைசி நிமிடத்தில் மேலிடத்திலிருந்து யாருக்காவது கேட்பார்கள், அது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

இதற்காகவே சரியான எண்ணிக்கையை இப்போது கேட்கவில்லை. செப்டம்பர் 25-க்குள் ஓர் உத்தேச எண்ணிக்கையோடு பர்ச்சேஸ் ஆர்டர் வந்தால் போதும். அக்டோபர் 9 வரை அதில் பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், விலை மாறாது. அதற்குப் பிறகு கூட்டுவது கையிருப்பைப் பொறுத்தது, குறைக்க முடியாது. குறைந்தபட்ச ஆர்டர் 25 பெட்டி. 200-க்கு மேல் எடுத்தால் 4 சதவீதம் தள்ளுபடி. அதற்கு மேல் பேரம் பேசினால் முந்திரியின் தரத்தில்தான் கைவைக்க வேண்டிவரும், அதைச் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை.

உங்கள் நிறுவனச் சின்னத்தைக் கொட்டானைச் சுற்றிவரும் காகிதப் பட்டியில் அச்சிடுவோம், 50 பெட்டிக்கு மேல் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கொட்டானின் மேலேயே பதிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். சின்னம் இல்லாத கொட்டான்தான் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் இருக்கும். பட்டியோடு ஒரு வாழ்த்து அட்டையும் வரும். தமிழிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரி வரை நீங்கள் எழுதித் தரலாம். அச்சுக்கு உரிய சின்னக் கோப்பு அக்டோபர் 5-க்குள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் அச்சில் மங்கலாக வரும், உங்கள் வடிவமைப்பாளரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

பெட்டிகள் அக்டோபர் 26 முதல் 30 வரை இங்கிருந்து கிளம்பும். சென்னை, கோவை, மதுரை, திருச்சிக்கு எங்கள் ஏற்பாட்டில் வண்டி வருகிறது, 100 பெட்டிக்கு மேல் வண்டிச் செலவு எங்களுடையது. மழையை நினைத்து ஒவ்வொரு பன்னிரண்டு பெட்டியையும் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட அட்டைப்பெட்டியில் அடுக்குகிறோம். மாடி வாரியாக, துறை வாரியாகப் பிரித்து வேண்டும் என்றால் பட்டியலை அனுப்புங்கள். அட்டைப்பெட்டியின் மேலேயே எழுதி வரும், நீங்கள் உட்கார்ந்து எண்ண வேண்டாம். ஐடி வளாகம் என்றால் சரக்கு லிஃப்ட் நேரமும் கேட் பாஸுக்கு வண்டி எண் எப்போது வேண்டும் என்பதும் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குக் கூரியரில் அனுப்பலாம், தமிழ்நாட்டுக்குள் பெட்டிக்கு 90 ரூபாய். தீபாவளிக்கு முந்தைய வாரம் கூரியர் அலுவலகங்கள் நிரம்பி வழியும் என்பதால் அந்த முகவரிப் பட்டியல் மட்டும் அக்டோபர் 12-க்குள் கண்டிப்பாக வேண்டும்.

பணம்: ஆர்டரோடு 40 சதவீதம், மீதி பெட்டிகள் இறங்கி நீங்கள் எண்ணிச் சரிபார்த்த 30 நாளுக்குள். நாங்கள் உதயம் பதிவு பெற்ற குறு நிறுவனம். எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியும். புதிய விற்பனையாளராக எங்களைப் பதிவு செய்யச் சில அலுவலகங்களில் மூன்று நான்கு வாரம் ஆகிறது. ஜிஎஸ்டி சான்று, பான், உதயம் சான்று, உணவு உரிமம், ரத்து செய்த காசோலை எல்லாம் ஒரே கோப்பாக இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறோம். பரிசு முடிவாகும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டால் செப்டம்பர் கடைசியில் அவசரம் இருக்காது.

உடைந்தோ நசுங்கியோ வந்த பெட்டிக்கு இரண்டு நாளுக்குள் படம் அனுப்பினால் மாற்றுப் பெட்டி தருவோம். அதற்காகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் நூற்றுக்கு இரண்டு வீதம் உபரி எடுத்து வைக்கிறோம்.

முதல் வேலையாக ஒரு மாதிரிப் பெட்டி வாங்கிப் பாருங்கள். எந்த அளவு வேண்டும், எந்த முகவரிக்கு என்று இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதினால் நான்கு வேலைநாளில் வந்து சேரும். மாதிரிக்கு உரிய விலை உண்டு. ஆர்டர் கொடுத்தால் அது பில்லில் கழிந்துவிடும். செப்டம்பர் 18 வரை மாதிரி அனுப்புவோம். பேசித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மேலே தலைப்பில் உள்ள எண்ணில் திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் மாலை 6 வரை கூப்பிடுங்கள். மதியம் 1 முதல் 2 வரை மட்டும் யாரும் எடுக்கமாட்டோம், சாப்பாட்டு நேரம்.

அன்புடன்,
ஆர்டர் மற்றும் பேக்கிங் பொறுப்பாளர்,
காரைக்குடி