சுற்றுச்சுவருக்கான சிமெண்ட், மணல், செங்கல் மதிப்பீடு: 40 × 60 அடி மனை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருச்சி மனையின் சுற்றுச்சுவருக்காகத் தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைபட ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக் கணக்கிட்ட பொருள் மதிப்பீட்டைக் கீழே எழுதியுள்ளேன். ஸ்கிரீன்ஷாட் கைபேசித் திரைக்கேற்பச் சுருங்கியிருப்பதால், அதன்மேல் அளவுகோல் வைத்து எதையும் அளக்கவில்லை. கோடுகளின்மேல் எழுதப்பட்டிருக்கும் எண்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன். பெரிய கேட்டின் அகலம் மட்டும் மங்கலாக இருந்தது; 12 அடியா 13 அடியா என்று முதலில் தெளியவில்லை. கிழக்குப் பக்க மொத்த நீளமான 40 அடியிலிருந்து இருபுறச் சுவர்த் துண்டுகள் 6 அடியும் 14 அடியும், சிறிய கேட் 3 அடி 6 அங்குலமும், ஒன்றரை அடி சதுரத் தூண்கள் மூன்றுக்கும் சேர்த்து 4 அடி 6 அங்குலமும் கழித்தால் சரியாக 12 அடி மிஞ்சுகிறது. எனவே 12 அடி என்றே கொண்டேன்.

மனையின் வெளி அளவு 40 அடிக்கு 60 அடி. சுற்றளவு 200 அடி என்றாலும் சுவரின் நீளத்தை அப்படியே 200 என்று எடுத்தால் நான்கு மூலைகளும் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும்; 9 அங்குலச் சுவரின் மையக்கோட்டில் அளந்தால் 39¼ அடியும் 59¼ அடியுமாக மொத்தம் 197 அடி வருகிறது. இதில் கேட், தூண் ஆகியவற்றுக்கான 20 அடியைக் கழிக்க, செங்கல் சுவரின் நிகர நீளம் 177 அடி. தங்கள் மேஸ்திரி 12,600 செங்கல் என்று சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அவர் 200 அடி நீளத்தையும், தூணின் உயரமான 6 அடியைச் சுவர் முழுவதற்கும் எடுத்து, 900 கன அடிக்குக் கன அடிக்கு 14 செங்கல் வீதம் பெருக்கியிருக்க வேண்டும். வெட்டுத்தோற்றத்தில் சுவரின் உயரம் தரைமட்டத்திலிருந்து 5 அடி என்றே உள்ளது. 6 அடி தூண்களுக்கு மட்டும்.

சுவரின் கொள்ளளவு 177 × 0.75 × 5, அதாவது 663.75 கன அடி. மூன்று தூண்களுக்கும் சேர்த்து 40.5 கன அடி. ஆனால் கேட்டின் பாரத்தைத் தாங்க ஒவ்வொரு தூணுக்குள்ளும் 9 அங்குலச் சதுரத்தில் கம்பியிட்ட கான்கிரீட் வருவதால் 10.1 கன அடி குறைகிறது. ஆக மொத்தச் செங்கல் கட்டு 694 கன அடி. நம் பகுதியில் கிடைக்கும் சேம்பர் செங்கல் கலவையோடு சேர்ந்து 9 × 4½ × 3 அங்குலம் இடத்தை அடைப்பதால் கன அடிக்கு 14.22 வீதம் 9,872 செங்கல் தேவைப்படும். ஏற்றி இறக்குவதிலும் வெட்டுவதிலும் உடைவதற்கு 5 சதவீதம் கூட்டி 10,400 செங்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கலவைக்கு வருவோம். கால் அங்குல இணைப்பு வைத்தால் செங்கல்லின் சொந்த அளவைக் கழித்தபின் 110 கன அடி ஈரக்கலவை இடம் பிடிக்கிறது. செங்கல்லின் குழி நிரம்புவதற்கும் கீழே சிந்துவதற்கும் 20 சதவீதம் கூட்டி, ஈரக்கலவையை உலர்ந்த பொருளாக மாற்ற 1.33 ஆல் பெருக்கினால் 175 கன அடி. 1:6 விகிதத்தில் 25 கன அடி சிமெண்ட், 150 கன அடி எம்-சாண்ட் ஆகும். 50 கிலோ மூட்டை ஒன்று 1.225 கன அடி என்பதால் இது இருபதரை மூட்டை.

உண்மையில் சிமெண்டை அதிகம் விழுங்குவது தரைக்குக் கீழுள்ள வேலை. சுவர் என்றதும் செங்கல் கட்டை மட்டும் நினைத்துப் பணம் ஒதுக்குபவர்கள் பிறகு தடுமாறுவது இதனால்தான். வெட்டுத்தோற்றத்தில் அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்டான பி.சி.சி., அதன்மேல் கருங்கல் கட்டு, சுவரைத் தாங்கும் கான்கிரீட் பீமான பிளிந்த் பீம், சுவர் ஆகிய நான்கின் வெளிமுகமும் எல்லைக்கோட்டில் ஒரே நேராக நிற்கின்றன. பக்கத்து மனைக்குள் ஓர் அங்குலம்கூட நீட்டாமல் இருக்க இது அவசியம். ஆனால் அகலம் கூடக்கூட மையக்கோடு உள்ளே நகர்வதால் நீளமும் மாறும்: 2 அடி அகல பி.சி.சி.க்கு 192 அடி, ஒன்றரை அடி அகலக் கருங்கல் கட்டுக்கு 194 அடி, 9 அங்குல பீமுக்கு 197 அடி. கேட்டுக்குக் கீழேயும் இவை தொடர்வதால் இங்கே 20 அடியைக் கழிக்கக் கூடாது.

நான்கு அங்குல பி.சி.சி. 128 கன அடி; 1:4:8 விகிதத்தில் 12.4 மூட்டையும் 61 கன அடி மணலும் ஆகும். கருங்கல் கட்டு 2 அடி உயரத்துக்கு 582 கன அடி. அதில் மூன்றில் ஒரு பங்கு கலவை என்று கொண்டால் 1:6 விகிதத்தில் 30.1 மூட்டை, 221 கன அடி மணல். பிளிந்த் பீமும் தூண்களின் உள் கான்கிரீட்டும் சேர்ந்து 121 கன அடி. 1:1½:3 விகிதத்தில் 27.6 மூட்டை, 51 கன அடி மணல். ஜல்லி, கம்பி, கருங்கல் ஆகியவற்றைத் தாங்கள் கேட்கவில்லை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

பூச்சு வேலைக்கு இருபுறச் சுவர், மேல்முகம், தூண்கள் எல்லாம் சேர்ந்து 2,010 சதுர அடி. அரை அங்குலக் கனத்தில் 1:5 விகிதத்துக்கு, செங்கல் முகத்தின் மேடுபள்ளத்துக்கான 20 சதவீதத்தையும் சேர்த்து, 18.2 மூட்டையும் 111 கன அடி பி-சாண்டும் தேவை. பக்கத்து மனையில் நின்று பூச இப்போது இடம் கிடைக்காவிட்டால் வெளிமுகப் பூச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போது ஏறத்தாழ பாதிச் சிமெண்ட் மிஞ்சும்.

எல்லாம் கூட்டினால் சிமெண்ட் 108.8 மூட்டை, 3 சதவீதச் சேதாரத்துடன் 112 மூட்டை. எம்-சாண்ட் 483 கன அடி. ஈரத்தில் உப்புவதற்கும் தரையோடு கலந்து வீணாவதற்கும் பத்து சதவீதம் கூட்டி ஐந்தரை யூனிட். பி-சாண்ட் ஒன்றேகால் யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியில் வரும்போது பெட்டியின் நீள, அகல, உயரத்தை டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் இறக்கச் சொல்ல வேண்டும்.

சிமெண்ட் முழுவதையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். பீம் வரைக்குமான 70 மூட்டையை முதலிலும், மீதி 42 மூட்டையைச் செங்கல் கட்டு தொடங்கும்போதும் வாங்குவது நல்லது. மழைக்காலத்தில் தேங்கினால் மூட்டை கட்டிதட்டிவிடும். செங்கலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், சூளையில் 10 செங்கல்லை நீளவாக்கில் வரிசையாக வைத்து டேப் பிடித்துப் படம் அனுப்புங்கள். 87 முதல் 88 அங்குலம் வந்தால் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். 85க்குக் கீழே வந்தால் எண்ணிக்கையை நான் திருத்தித் தருகிறேன். ஃப்ளை ஆஷ் கல் வாங்குவதென்றாலும் அதன் அளவு வேறு என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கட்டடப் பொறியாளர்